பழுப்புக் கறையை வெளுத்தால் ஏன் சாம்பல் வருகிறது?

பாலக்கோடு பக்கத்துக் கல்யாணம் ஒன்றின் ஆல்ப வேலை. ரிசப்ஷன் படத்தில் மணப்பெண் வாய்விட்டுச் சிரிக்கிறாள். அவளுடைய தம்பி ஸ்டுடியோவுக்கு வந்து, "அண்ணா, அக்கா பல்லை மட்டும் கொஞ்சம் வெள்ளையாக்கிடுங்க. ஆனா கட்டுன பல்லு மாதிரி தெரியக் கூடாது" என்றான். தர்மபுரியில் போட்டோ வேலை பார்க்கிறவர்கள் அடிக்கடி கேட்கிற வேண்டுகோள்தான் இது. வெறும் மஞ்சளைக் குறைத்து முடிக்கிற வேலையும் அல்ல இது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. இதைத் தாண்டிய தண்ணீரைச் சின்ன வயதில், ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும்போதே குடித்தால் எனாமல் நெருக்கமாக இறுகாமல் உள்ளே நுண்துளைகளோடு நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் ஒளி சிதறுவதால் சாக்பீஸ் பூசியது போலத் திட்டு தெரிகிறது. பல் வெளியே வந்த பிறகு அதே துளைகளில் சாயம் ஊறினால் பழுப்புப் பட்டை விழுகிறது. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது 2013-ல். அதற்கு முன்பு போர் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகள்தான் இப்போது மணமேடையில் நிற்கிறார்கள்.

ஆகவே இந்தப் பல்லில் மூன்று நிறம் இருக்கிறது. நல்ல இடத்தின் இளமஞ்சள், சாக்பீஸ் வெள்ளை, பழுப்பு. அந்தப் பெண்ணின் முன்பல்லில் நான் அளந்த எண்களைச் சொல்கிறேன். திரையில் எந்த நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களால் ஆனது, ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. இளமஞ்சள் 214, 192, 148. வெள்ளைத் திட்டு 236, 230, 220. பழுப்பு 150, 112, 70.

எல்லோரும் முதலில் செய்வது, போட்டோஷாப்பில் பல்லைத் தேர்ந்தெடுத்து `Hue/Saturation` திறந்து `Saturation`-ஐ முழுதாக இறக்குவது. அப்போது மென்பொருள் மூன்று எண்ணில் பெரியதையும் சிறியதையும் கூட்டிப் பாதியாக்கி, அதையே மூன்றுக்கும் வைக்கிறது. 214-ம் 148-ம் சேர்ந்தால் பாதி 181. ஆனால் நம் கண் வெளிச்சத்தை அப்படிப் பார்ப்பதில்லை. பச்சைக்கு அதிக மதிப்பும் நீலத்துக்கு மிகக் குறைந்த மதிப்பும் கொடுக்கிறது. அந்தக் கணக்கில் இதே மஞ்சள் பல்லின் வெளிச்சம் ஏறத்தாழ 194. நிறத்தை எடுத்த கையோடு பல் 13 படி இருண்டும் போய்விட்டது. பழுப்பு இன்னும் மோசம், 110-ல் வந்து நிற்கும். பழுப்பு என்பதே வெளிச்சம் குறைந்த ஆரஞ்சுதான். ஆரஞ்சை உருவி எடுத்தால் மிஞ்சுவது இருட்டு மட்டுமே, அதாவது சிமெண்ட் நிறம்.

இதோடு கண் செய்கிற வேலை ஒன்றும் சேர்கிறது. சுற்றிலும் மாநிறத் தோல், சிவந்த உதடு, மண்டபத்தின் மஞ்சள் விளக்கு. இவ்வளவு வெதுவெதுப்பான நிறங்களுக்கு நடுவே நிறமே இல்லாத சாம்பலை வைத்தால் கண் அதை நீலம் கலந்ததாகப் படிக்கும். அதனால்தான் அந்தப் பல்லைப் பார்த்தால் உயிரில்லாதது போலத் தோன்றுகிறது.

சரி, சாம்பலாகிவிட்டதே என்று வெளிச்சத்தை ஏற்றினால்? மொத்தமாக 25 ஏற்றினோம் என்று வையுங்கள். வெள்ளைத் திட்டின் சிவப்பும் பச்சையும் 255-ல் போய் முட்டிவிடும். ஈரப் பல்லில் விளக்கு பட்டு மின்னும் புள்ளியும் அங்கேயே வந்து சேர்வதால், மினுமினுப்புக்கும் பல்லுக்கும் வித்தியாசம் அழிந்து காகிதம் ஒட்டியது போல ஆகும். பழுப்போ 175-ஐத் தாண்டாது. திட்டுகளுக்கு இடையிலான தூரம் பெரிதாகக் குறையவில்லை. ஃப்ளெக்ஸ் பேனரில் இது இன்னும் அப்பட்டம். 255 ஆன இடத்தில் மை விழாது, வெற்று ஃப்ளெக்ஸ்தான் பல்லாகத் தெரியும்.

எனவே இந்த ஊர்ப் பல்லுக்கு முதல் வேலை வெளுப்பது இல்லை, திட்டுகளை ஒன்றுக்கொன்று பக்கத்தில் கொண்டுவருவது. புது லேயர் ஒன்று போட்டு அதை `Lighten` முறையில் வைக்கிறேன். அதே பல்லின் நல்ல இடத்திலிருந்து நிறத்தை எடுத்து, மென்மையான பிரஷ்ஷை 15 சதவீத அழுத்தத்தில் பழுப்பின் மேல் எட்டொன்பது தடவை ஓட்டுகிறேன். `Lighten` என்றால், எடுத்த நிறத்தைவிட இருண்ட இடம் மட்டும் மேலே வரும். மினுக்கு தொடப்படாது. அப்புறம் இன்னொரு லேயர், `Darken` முறை, அதே நிறம். இதில் வெள்ளைத் திட்டு மட்டும் கீழே இறங்கும். இந்த முறை மினுக்கையும் இறக்கிவிடும், ஆகையால் மின்னும் புள்ளிக்கு மேல் பிரஷ் போகக் கூடாது. பழுப்பை முழுக்க அழிக்க வேண்டியதில்லை. முக்கால் பங்கு போனாலே எட்ட நின்று பார்ப்பவருக்குத் தெரியாது.

இப்போதுதான் மஞ்சள். அதற்கு `Curves` எடுத்து நீலத்தை ஏற்றுவதே என் வழக்கம். பல் மஞ்சளாகத் தெரிவது நீலம் குறைவாக இருப்பதால்தானே? கண் நீலத்துக்குத் தரும் மதிப்பு பத்தில் ஒரு பங்கு அளவுதான் என்பதால், நீலத்தை ஏற்றினால் வெளிச்சம் கொஞ்சமே ஏறும், இறங்காது, பல் இருண்டு சாம்பலாகாது. ஒன்று கவனிக்க வேண்டும். நீலத்தை மட்டும் ஏற்றினால் பல் ரோஸ் பக்கம் சாயும். பச்சையையும் கூடவே கொஞ்சம் ஏற்ற வேண்டும். சிவப்பையும் துளி ஏற்றியதில், 214, 192, 148 என்று இருந்தது என் கையில் 220, 205, 184 ஆனது. சிவப்பு இன்னும் முதலில், நீலம் கடைசியில், இரண்டுக்கும் இடைவெளி 36. இந்த இடைவெளி 20-க்குக் கீழே போனால் மண்டப விளக்கில் எடுத்த படத்தில் பல் தனியாக நீலம் தட்ட ஆரம்பிக்கிறது.

எவ்வளவு வெளிச்சம் போதும் என்பதற்கு அளவுகோல் அதே முகத்தில் இருக்கிறது, விழி வெள்ளை. அவளுடைய கண்ணில் அது 215, 205, 198, வெளிச்சம் ஏறத்தாழ 207. திருத்திய பல்லும் 207. இரண்டும் ஒரே விளக்கின் கீழ் இருக்கிறவை. விழியைத் தாண்டிப் பல் ஒளிர்ந்தால், படத்தைப் பார்ப்பவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் பல்லைப் பார்ப்பார்.

பல்லுக்குள்ளேயே இருக்கிற ஏற்ற இறக்கத்தை விட்டுவைப்பதுதான் கட்டுன பல்லாகத் தெரியாமல் காப்பாற்றுகிறது. ஈறு ஓரத்தில் எனாமல் மெல்லியது, அடியில் இருக்கும் மஞ்சள் டென்டின் தெரியும். கடிக்கும் விளிம்பில் டென்டின் இல்லாததால் லேசாகக் கண்ணாடி போல இருக்கும். கோரைப்பல் பொதுவாக முன்பல்லைவிட ஒரு படி மஞ்சள். வாயின் ஓரப் பற்கள் கன்னத்து நிழலில் இருட்டாகத்தான் இருக்க வேண்டும். அதனால் திருத்தம் எங்கே படலாம் என்று வரையறுக்கும் மாஸ்க்கை முன் நான்கு பல்லில் முழுதாகவும், கோரைப்பல்லில் பாதியாகவும், அதற்குப் பின்னால் ஒன்றுமில்லாமலும் கரைத்துவிடுகிறேன். இரண்டு பல்லுக்கு நடுவே உள்ள கருங்கோடு மாஸ்க்குக்கு வெளியே. அந்தக் கோடு வெளுத்தால் பல் வரிசை ஒரே பட்டையாகிவிடும்.

முடித்ததும் படத்தைப் பாஸ்போர்ட் அளவுக்குச் சுருக்கி, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது அவளுடைய மூக்குத்தி. இடது கோரைப்பல்லில் ஒரு மெல்லிய பழுப்புக் கீற்றை அப்படியே விட்டிருந்தேன். ஆல்பத்தைப் பிரித்த தம்பி, "அண்ணா, ஒண்ணுமே பண்ணாத மாதிரி இருக்கே, ஆனா நல்லா இருக்கு" என்றபடி அடுத்த பக்கத்தைப் புரட்டினான்.