சறுக்கலுக்குள் ஒளிந்திருக்கும் சுழற்சி

ஒரு சீட்டுக்கட்டை மேசைமேல் வைத்து, மேற்பக்கத்தை வலப்புறமாகத் தள்ளுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் செவ்வகம் இணைகரமாகச் சாய்ந்திருக்கும். ஒவ்வொரு சீட்டும் கிடையாகவே இருப்பதால் எதுவும் சுழன்ற மாதிரி தெரியாது. ஆனால் கட்டின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளியிருந்தால், அதற்குள் ஏறக்குறைய 26.6 பாகை சுழற்சி இருக்கிறது.

இந்தச் சறுக்குப் பெயர்ச்சியை எழுதும் அணி A = [1 1; 0 1]. அரைப்புள்ளி வரும் இடத்தில் அடுத்த நிரை தொடங்குகிறது. (x, y) என்ற புள்ளி இதனால் (x+y, y) ஆகிறது. எந்தச் சதுர அணியையும் A = R P என்று பிரிக்கலாம். P சமச்சீர் அணி. ஒன்றுக்கொன்று செங்குத்தான சில திசைகளில் இழுப்பதும் அமுக்குவதும்தான் அதன் வேலை. R செங்குத்து அணி. அது நீளத்தையும் கோணத்தையும் மாற்றாமல் திருப்பிவிடும். ஒரு கலப்பெண்ணை அளவு, கோணம் என்று பிரிப்போமே, அதே யோசனைதான். அதனால்தான் இதற்குத் துருவப் பிரிப்பு என்று பெயர்.

P-ஐக் கண்டுபிடிப்பது எப்படி? A-யின் நிரை நிரல் மாற்றை A-யோடு பெருக்கினால் R தனக்குத்தானே அடிபட்டுப் போய் P-யின் வர்க்கம் மட்டும் மிஞ்சும். நம் கணக்கில் அது [1 1; 1 2]. அதன் வர்க்கமூலம் P = (1/√5)[2 1; 1 3]. அப்புறம் R தானாக வந்துவிடும்: (1/√5)[2 1; −1 2]. இது கடிகார முள் திசையில் 26.57 பாகை சுழற்சி. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், [1 1; 0 1] சரியாக வரும்.

P-யின் ஐகன் மதிப்புகள் 1.618, 0.618. இவைதான் A-யின் சிங்குலர் மதிப்புகள். ஓரலகு ஆரமுள்ள வட்டத்தை A-க்குள் செலுத்தினால் நீள்வட்டம் வரும். அதன் அரை அச்சுகளின் நீளம் இந்த இரண்டு எண்கள். A = U Σ Vᵀ என்ற சிங்குலர் மதிப்புப் பிரிப்பு கையில் இருந்தால் வேறு கணக்கே வேண்டாம்: R = U Vᵀ, P = V Σ Vᵀ. இங்கே U, V இரண்டும் செங்குத்து அணிகள்; Σ-வின் மூலைவிட்டத்தில் சிங்குலர் மதிப்புகள் மட்டும் இருக்கும். நீட்டல் முழுவதும் Σ-வில் இருக்கிறது; அதை எடுத்துவிட்டு மீதியைச் சேர்த்தால் சுழற்சி.

சிங்குலர் மதிப்புகளை நேரடியாகக் கணக்கிடாமலே R-ஐப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. நிக்கோலஸ் ஹையம் 1986-இல் விரிவாக ஆராய்ந்த முறை அது. அணியையும், அதன் நேர்மாறின் நிரை நிரல் மாற்றையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும்; வந்த விடையை வைத்து மறுபடி அதையே செய்ய வேண்டும். நம் A-க்கு முதல் படியில் [1 0.5; −0.5 1] வருகிறது. திசை அதற்குள் சரியாகிவிட்டது, அளவு மட்டும் 1.118 மடங்கு. அடுத்த படியில் 1.0062, அதற்கடுத்து 1.00002.

இது ஏன் வேலை செய்கிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம். ஒவ்வொரு படியும் U, V இரண்டையும் தொடுவதே இல்லை. சிங்குலர் மதிப்பு σ மட்டும் (σ + 1/σ)/2 ஆக மாறுகிறது. நேர்ம எண் எதில் தொடங்கினாலும் இது 1-இல் போய் நிற்கும். σ மிகச் சிறியதாக இருந்தால்தான் தாமதம்: 0.001 என்றால் முதல் படியில் 500-க்குத் தாவி, பிறகு பாதிபாதியாக இறங்க வேண்டும். அதனால் தொடக்கப் படிகளில் அணியை ஒரு தகுந்த எண்ணால் பெருக்கிக்கொள்வார்கள். σ பூச்சியமானால் நேர்மாறே இல்லை. R-உம் ஒன்றே ஒன்றாக இருக்காது.

A-க்கு மிக அருகில் இருக்கும் செங்குத்து அணி இந்த R-தான். கிராம்-ஷ்மிட் முறை முதல் நிரலின் திசையை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதைத் திருத்தும். நம் A-யைக் கொடுத்தால் சுழற்சியே இல்லை என்று அலகு அணியைத் தரும். உறுப்புகளின் வித்தியாசங்களை வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் அதன் தூரம் 1. R-இன் தூரம் 0.727.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். A-யின் அணிக்கோவை எதிர்ம எண்ணாக இருந்தால் R சுழற்சியாக இருக்காது, பிரதிபலிப்பு கலந்துவிடும். ஒரு புரதத்தின் இரண்டு வடிவங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்த, வொல்ஃப்காங் கப்ஷ் 1976-இல் தந்த முறையில் இது முக்கியம். அங்கே அணுக்களின் ஆயங்களிலிருந்து ஓர் அணி அமைத்து, அதன் R-ஐத்தான் எடுக்கிறார்கள். பிரதிபலிப்பை அப்படியே ஏற்றால் இடக்கை மூலக்கூறு வலக்கை மூலக்கூறாகிவிடும். எனவே U Vᵀ-இன் அணிக்கோவை −1 என்று வந்தால், மிகச் சிறிய சிங்குலர் மதிப்புக்குரிய U-வின் நிரலை மட்டும் குறி மாற்றிப் பெருக்குகிறார்கள். அந்தத் திசையில் நீட்டல் மிகக் குறைவு என்பதால், பொருத்தத்தில் ஏற்படும் இழப்பும் அங்கேதான் மிகக் குறைவு.