நம்பிக்கைக்கு ஐந்து, விடைத்தாளில் நான்கு

டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் மெட்ரிக் என்னும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். செப்டம்பர் ப்ரிலிம் தேர்வு நெருங்கினால் பிள்ளைகள் எக்செல் அட்டவணையோடு வருவார்கள். பாடத்திட்டத் தலைப்புகள் வரிசையாக இருக்கும். எதிரே நம்பிக்கை 1 முதல் 5 வரை, கடைசியாகப் படித்த தேதி, அடுத்துப் பார்க்கும் தேதி. ஆகஸ்ட் 10 அன்று வந்த பெண்ணின் அட்டவணை முழுக்கப் பச்சை. இந்த ஆண்டில் இப்படி எத்தனை பார்த்துவிட்டேன்!

'செங்குத்து எறிபொருள் இயக்கம்' வரியில் 5 போட்டிருந்தாள். படித்தது ஆகஸ்ட் 5. அடுத்தது செப்டம்பர் 4. நோட்டை மூடச் சொல்லி, 12 மதிப்பெண் வினா ஒன்றைக் கொடுத்தேன். மேலே எறிந்த பந்தின் திசைவேக–நேர வரைபடத்தில், பந்து உச்சியைத் தொட்டதும் கோட்டை மேல்நோக்கித் திருப்பிவிட்டாள். உச்சியில் திசைவேகம்தான் பூச்சியம், முடுக்கம் அல்ல. மேல்திசையை நேர்க்குறியாக எடுத்தால் கோடு அதே சாய்வில் பூச்சியத்தைக் கடந்து கீழே இறங்க வேண்டும். கிடைத்தது 4.

"படிக்கும்போது எல்லாம் புரிந்தது சார்" என்றாள். புரிந்திருக்கும். விடை கண்முன்னே இருந்தால் எல்லோருக்கும் புரியும். அந்தப் புரிதலுக்குத்தான் 5 போடுகிறீர்கள். தேர்வு அறையில் நோட்டு இருக்காது. நம்பிக்கை எண்ணை மனம் சொல்லக் கூடாது, மூடிய நோட்டில் எழுதிய விடை சொல்லட்டும். 30 சதவீதத்துக்குக் கீழே 1, 50க்குக் கீழே 2, 70க்குக் கீழே 3, 85க்குக் கீழே 4, அதற்கு மேல் 5. பன்னிரண்டில் நான்கு என்றால் 33 சதவீதம், அதாவது 2.

B-யில் நம்பிக்கை, C-யில் படித்த தேதி இருந்தால் D-யில் இதைப் போடுங்கள்:

```
=C2+CHOOSE(B2;1;3;7;14;30)
```

2 என்றால் மூன்று நாள். ஆகஸ்ட் 13 அன்று வேறொரு வினாவில் பன்னிரண்டுக்கு 7 வாங்கினாள். நம்பிக்கை 3 ஆனது, அடுத்தது ஆகஸ்ட் 20. தென்னாப்பிரிக்க அமைப்புள்ள கணினியில் பெரும்பாலும் அரைப்புள்ளிதான் செல்லும். பிழை காட்டினால் காற்புள்ளி போட்டுப் பாருங்கள்.

படித்த தேதிக்கு `=TODAY()` போடவே போடாதீர்கள். அது தினமும் மாறும். தொடாத பாடமும் இன்று படித்ததாகக் காட்டும். `Ctrl+;` அழுத்தினால் தேதி நிலையாக நிற்கும். நோட்டைப் புரட்டிய நாளை அங்கே எழுதாதீர்கள், தயவுசெய்து. வினா எழுதிய நாள் மட்டுமே கணக்கு.

ஒரு வரியில் ஒரு பெரிய பாடத்தை அடைக்கவும் வேண்டாம். அந்தப் பெண்ணின் ஒற்றை வரி இப்போது மூன்றாகிவிட்டது: சமன்பாடுகள், வரைபடங்கள், தரையில் மோதி எழும் பந்து. முதல் வரிக்கு 4. கடைசி வரிக்கு 1, நாளைக்கே பார்க்க வேண்டும்.