சிரித்த முகம் போனில் எப்படிக் கேட்கிறது?

ரிசப்ஷன் வேலைக்கும் கால் சென்டர் வேலைக்கும் புதிதாகச் சேர்கிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவார்கள்: "போன்ல பேசும்போது சிரிச்ச முகமா இருங்க." சில அலுவலகங்களில் மேசை மேல் ஒரு சின்னக் கண்ணாடியும் இருக்கும். ஆனால் ஏன் என்று யாரும் விளக்குவதில்லை. அதனால் பயிற்சிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சிரிப்பதற்குப் பதில் குரலைத் தூக்கிவிடுகிறார்கள். "வணக்க்க்கம்ம்ம்" என்று ஒரு ராகம் போடுவார்கள். அது வேறு விஷயம். கேட்கிறவருக்கு அது சிரிப்பாகத் தெரியாது, விளம்பரமாகத்தான் தெரியும்.

என் வகுப்பில் நான் முதலில் செய்யச் சொல்வது இதுதான். நீங்களும் இப்போதே செய்து பார்க்கலாம். குரலே எழுப்பாமல், வெறும் காற்றாக, ரகசியம் பேசுவது போல் "ஆ" என்று நீட்டுங்கள். நீட்டிக்கொண்டே உதட்டை முன்னால் குவியுங்கள், பிறகு இரு பக்கமும் இழுத்துச் சிரியுங்கள். குவிக்கும்போது ஓசை மங்கிக் கீழே இறங்கும். சிரிக்கும்போது தெளிந்து மேலே ஏறும். ரகசியக் குரலில் குரல்நாண்கள் அதிர்வதே இல்லை, ஆகவே சுருதி என்று ஒன்று அங்கே கிடையாது. ஏறி இறங்குவது வாய்க்குள் இருக்கும் காற்றறையின் ஒலிப்பு மட்டும்தான்.

தொண்டையில் குரல்நாண்களிலிருந்து உதட்டு நுனி வரை ஒரு குழாய் இருக்கிறது. வளர்ந்த ஆணுக்கு அது சுமார் 17 செ.மீ. நீளம், பெண்ணுக்குக் கொஞ்சம் குறைவு. சிரிக்கும்போது உதட்டோரங்கள் பின்னால் போவதால் குழாய் சற்றுச் சுருங்குகிறது, வாய்த்திறப்பும் அகலமாகிறது. குழாயடியில் குடம் நிறைய நிறையக் காற்றுக்கு இடம் குறைந்து ஓசை உயருமே, அதே கணக்குதான். விவியன் டார்ட்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980-இல் இதைச் சோதித்தார். முகத்தைப் பார்க்காமலே, சிரித்தபடி பேசிய பேச்சைக் கேட்டவர்கள் அடையாளம் கண்டார்கள். 1994-இல் அவர் இன்னொருவருடன் சேர்ந்து ரகசியக் குரலையும் சோதித்தார். அதிலும் சிரிப்பு தெரிந்தது.

சரி, இது போன் வழியாகப் போய்ச் சேருமா? பழைய லேண்ட்லைனும் எச்டி வாய்ஸ் இல்லாத மொபைல் அழைப்பும் சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். நம் குரலின் அடிப்படைச் சுருதி ஆணுக்கு 120 ஹெர்ட்ஸை ஒட்டியும் பெண்ணுக்கு 200 ஹெர்ட்ஸை ஒட்டியும் இருக்கிறது. இரண்டுமே அந்த வரம்புக்குக் கீழே. அந்தச் சுருதியின் இரு மடங்கு, மும்மடங்கு என்று மேலே ஒலிக்கும் அதிர்வுகளை வைத்து நம் காது சுருதியை ஊகித்துக்கொள்கிறது. ஆனால் உதடு மாற்றுகிற ஒலிப்புகள் பெரும்பாலும் 3000 ஹெர்ட்ஸுக்குள்தான். அதாவது போன் வெட்டாமல் விடுகிற பகுதியிலேயே சிரிப்பு உட்கார்ந்திருக்கிறது. நேரில் கண், புருவம், கையசைவு எல்லாம் சேர்ந்து சொல்வதை போனில் இது ஒன்றுதான் சுமக்க வேண்டும்.

முதல் வார்த்தைக்கு ஏன் இத்தனை கவனம் என்றால், அழைத்தவருக்கு உங்கள் வழக்கமான குரல் தெரியாது. ஒப்பிட ஒன்றும் இல்லாததால் முதலில் விழும் ஒலியையே உங்கள் சுபாவமாக எடுத்துக்கொள்கிறார். கிளாஸ்கோவில் பில் மெக்அலீர் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் "ஹலோ" என்ற ஒரே சொல்லை மட்டும் போட்டுக் காட்டினார்கள். அரை நொடிகூட ஓடாத அந்த ஒலியை வைத்தே, இவர் நம்பத் தகுந்தவரா, எப்படிப்பட்டவர் என்பதில் கேட்டவர்களிடம் பெருமளவு ஒத்த கருத்து இருந்தது. அவர்கள் நினைத்தது சரிதானா என்பது வேறு கேள்வி. ஆனால் நினைத்துவிடுகிறார்கள்.

இங்கேதான் நடைமுறைச் சிக்கல் வருகிறது. ஒரு கண் மருத்துவமனையில் அப்பாயின்ட்மென்ட் மேசையில் இருந்த பெண்ணின் ரெக்கார்டிங்குகளைக் கேட்கச் சொன்னார்கள். நல்ல பெண், பேச்சில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வணக்கம் சொல்லி முடித்த பிறகும் அழைத்தவர்கள் "ஹலோ? ஹலோ, ஆஸ்பத்திரிங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். லைன் சரியில்லை என்று அவர் நினைத்திருந்தார். கூர்ந்து கேட்டபோது விஷயம் புரிந்தது. ஹெட்செட்டில் பீப் வந்த அந்த நொடியே அவர் பேச ஆரம்பிக்கிறார். இணைப்பு முழுதாகத் திறப்பதற்குள் "வ" போய்விடுகிறது, எதிர்முனையில் "ணக்கம்" மட்டும் விழுகிறது. மிச்சம் இருந்ததும் தட்டையாக இருந்தது. ஏனென்றால் முந்தைய அழைப்பின் விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டே பேசத் தொடங்குகிறார், சிரிப்பு முகத்துக்கு வந்து சேரும்போது மருத்துவமனைப் பெயரில் பாதி முடிந்துவிடுகிறது.

மாற்றியது இரண்டே விஷயம். மணி அடிக்கும்போதே விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து, மூக்கால் மூச்சிழுத்து, பற்கள் ஒட்டாமல் லேசாகச் சிரித்துவிட வேண்டும். பீப் கேட்டதும் ஒரு கண் இமைக்கும் நேரம் விட்டு அப்புறம் "வணக்கம்". புதிய ரெக்கார்டிங்கில் "வ" முழுசாக இருந்தது, "ஹலோ? ஹலோ?" அரிதாகிவிட்டது. எது சிரிப்பால், எது இடைவெளியால் என்று பிரித்துச் சொல்ல முடியாதுதான். "ஹலோ"க்கள் குறைந்ததில் இடைவெளிக்கே பெரும்பங்கு என்று நினைக்கிறேன்.

எந்தச் சொல்லில் தொடங்குகிறோம் என்பதும் முக்கியம். "வணக்கம்" சிரிப்புக்கு இடம் கொடுக்கும் சொல். அதில் வரும் உயிரொலி மூன்றும் அகரம், உதடு குவிய வேண்டியதில்லை. "வ" சொல்லக் கீழுதடு மேற்பல்லைத் தொட்டால் போதும், சிரித்தபடியே வரும். "ஹலோ" அப்படியில்லை. ஓகாரத்துக்கு உதடு குவிந்தே ஆக வேண்டும், சிரிப்பு அங்கே கலைகிறது. விடாப்பிடியாகச் சிரித்துக்கொண்டே சொன்னால் "ஹலவ்" என்று ஏதோ வரும். "சொல்லுங்க" என்பதிலும் இதே தொல்லை. வணக்கத்தை முன்னால் வைத்துவிட்டு, "சொல்லுங்க"வில் உதட்டை அதன் போக்கில் விட்டுவிடுங்கள்.

பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பது வேலைக்கு ஆகாது. தாடை இறுகினால் "ஆ" திறக்காது, பேச்சு மூக்கடைத்தது போல ஆகிவிடும். கேட்டுச் சரிபார்க்க நினைத்தால் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் போடாதீர்கள். இன்னொரு போனுக்கு அழைத்து, ஒரே வாக்கியத்தைச் சாதாரணமாக ஒரு முறை, குரலைத் தூக்கி ஒரு முறை, சிரித்து ஒரு முறை சொல்லிப் பதிவு செய்யுங்கள். வரிசையைச் சொல்லாமல் வீட்டில் ஒருவரிடம் கொடுத்து எது எது என்று கேளுங்கள். இரண்டாவதையும் மூன்றாவதையும் அவர் குழப்பிக்கொண்டால், நீங்கள் இன்னும் குரலைத்தான் தூக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

எல்லா மேசைக்கும் இது பொருந்தாது. இறப்புக் கோரிக்கைகளைப் பார்க்கும் இன்சூரன்ஸ் பிரிவிலோ, ஆம்புலன்ஸ் எண்ணிலோ சிரித்த குரல் கேட்பவரைக் காயப்படுத்தும். அங்கே உதட்டைத் தளர்வாக வைத்து, நிதானமாகப் பேசப் பழக்குகிறேன். பொது எண்களில் யார் எதற்காக அழைக்கிறார் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் வணக்கத்துக்கு மட்டும் சிரிப்பு, அழைத்தவர் முதல் வாக்கியம் பேசும்போது முகத்தைச் சாதாரணமாக்கிக் கேட்பது என்று பிரித்து வைத்திருக்கிறேன். "அப்பாவுக்கு ராத்திரியிலிருந்து ஒரு கண் தெரியல" என்று ஒருவர் சொல்லி முடித்ததும் அதே சிரிப்போடு "சரிங்க, பேஷன்ட் பெயர் சொல்லுங்க" என்று கேட்டால், அதுவும் போனில் தெளிவாகக் கேட்கும்.