‘திருப்பிச் செலுத்துதல்’ என்றால் யார் யாருக்கு?

போன மாதம் ஒரு கடைச் செயலியின் கஸ்டமர் கேர் பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். செயலிகளின் தமிழை எழுதித் திருத்துவதுதான் என் பிழைப்பு. மக்கள் எந்தச் சொல்லில் தடுக்கி விழுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஒரு அம்மா பேசுகிறார். “குக்கரைத் திருப்பி அனுப்பிட்டேனே தம்பி, அப்புறம் எதுக்கு நான் காசு கட்டணும்?” அவருக்கு வந்த எஸ்.எம்.எஸ். இது: “ரூ. 2,340 திருப்பிச் செலுத்துதல் 5 நாட்களுக்குள் நடைபெறும்.” அவருக்கு வர வேண்டிய பணம் அது. ஆனால் அதே செயலியில் அவர் தவணையில் ஒரு போன் வாங்கியிருக்கிறார். மாதாமாதம் தவணை எடுக்கும் பக்கத்தின் தலைப்பும் ‘திருப்பிச் செலுத்துதல்’. கணக்கில் காசில்லாமல் பவுன்ஸ் ஆனால் அபராதம் விழுமே என்று பயந்து, பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கி 2,340 ரூபாயை வங்கியில் போட்டுவிட்டார்.

இதே மாதிரி இது நான்காவது பதிவு. அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டு குழுவும் தப்பாக எழுதவில்லை. ரீஃபண்டுக்கும் அகராதியில் அந்தச் சொல் இருக்கிறது, கடனடைப்புக்கும் இருக்கிறது. பொருள் விற்கும் குழு ஒரு மாடியில், கடன் குழு இன்னொரு மாடியில். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொற்பட்டியல் இருந்தது. அதில் அந்தச் சொல் இரண்டு வரிசைகளில், இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கு எதிரே, பச்சை நிறத்தில் ‘ஏற்கப்பட்டது’ என்று சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். சொற்பட்டியல் என்றால் இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ் என்று நினைக்கிறார்கள். அது அகராதி. அகராதி ஒரு சொல்லுக்கு என்னென்ன பொருள் உண்டு என்று சொல்லும். நிறுவனத்தின் சொற்பட்டியல் தலைகீழாக ஓட வேண்டும்: முதலில் விஷயம், அப்புறம் அதற்கு நாம் வைத்திருக்கும் ஒரே பெயர். இரண்டு விஷயங்களுக்கு ஒரே பெயர் விழுந்தால் அங்கேயே மணி அடிக்க வேண்டும். ஆங்கிலச் சொல்லை வைத்து வரிசைப்படுத்தினால் அந்த மணி அடிக்கவே அடிக்காது, ஏனென்றால் ஆங்கிலத்தில் அவை வேறு வேறு சொற்கள்.

இன்னொரு கூட்டம், எழுதக்கூடாத சொற்களுக்கு ஒரு தடைப்பட்டியல் என்றதும் பிறமொழிச் சொற்களை விரட்டும் வேலை என்று எடுத்துக்கொள்கிறது. ஐயா, தமிழ் மேல் எனக்கும் பாசம்தான். ஆனால் அந்த அம்மாவைக் கைமாற்று வாங்க வைத்தது சுத்தத் தமிழ்ச் சொல். அதே அழைப்பில் அவர் வாயிலிருந்து கடைசியில் வந்த கேள்வி, “அப்ப ரீஃபண்டா இது?” ஒரு சொல்லைத் தடுப்பது அது எந்த மொழி என்பதற்காக அல்ல, அந்த இடத்தில் அது இரண்டாகப் படிக்கப்படுகிறது என்பதற்காக.

சரி, நாங்கள் எப்படி மாற்றினோம்? பணம் நகரும் வகைகளைத் தனித்தனியாக எழுதினோம், ஒவ்வொன்றிலும் ‘யார் கையிலிருந்து யார் கைக்கு’ என்று. மூன்று வந்தன.

பொருளைத் திருப்பி அனுப்பியதால் கடை வாடிக்கையாளருக்குத் தருவது முதலாவது. அதற்கு ‘ரீஃபண்ட்’. வாக்கியம் எப்போதும் “ரூ. 2,340 உங்கள் கணக்குக்கு வரும்” என்றே முடிய வேண்டும். ‘நடைபெறும்’, ‘செலுத்தப்படும்’ கூடாது. தமிழில் எழுவாயைச் சொல்லாமலே வாக்கியம் நிற்கும், அந்த வசதிதான் இங்கே வில்லன்.

வாடிக்கையாளர் கடனுக்குத் தருவது இரண்டாவது. ‘தவணை கட்டுதல்’ என்று வைத்தோம், ஊரே அப்படித்தான் சொல்கிறது. கடன் ஒப்பந்தத்தில் மட்டும் ‘திருப்பிச் செலுத்துதல்’ இருக்கட்டும் என்று சட்டக் குழு கேட்டது. நியாயம்தான், விட்டுக்கொடுத்தோம். ஒரு சொல்லுக்கு ஊரடங்கு போடாதீர்கள். எந்தப் பக்கத்தில் தடை, எந்தப் பக்கத்தில் அனுமதி என்று எழுதுங்கள்.

மூன்றாவதை யாருமே பிரித்து யோசிக்கவில்லை: கணக்கில் பணம் பிடித்தாகிவிட்டது, பரிவர்த்தனை தோற்றுவிட்டது. இதையும் ரீஃபண்ட் என்று எழுதினால் ஆள் நேராகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார். பாவம், அவருக்குப் பணமே போய்ச் சேரவில்லை. 2019-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, யு.பி.ஐ.யில் கடைக்குச் செலுத்தியது இப்படிச் சிக்கினால் 5 நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ரீஃபண்டுக்கு அந்த விதி கிடையாது. ஆக, பெயர் மாறினால் வாடிக்கையாளர் யாரிடம் எதைக் கேட்கலாம் என்பதே மாறிவிடுகிறது. ‘பிடித்த பணம் திரும்பும்’ என்று வைத்தோம். அழகான தொடர் இல்லை, ஆனால் குழப்பமில்லை.

தடை செய்த ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் மாற்றும் காரணமும் தயவுசெய்து எழுதுங்கள். ‘வேண்டாம்’ என்று மட்டும் போட்டால், எழுதுகிறவர் அகராதியில் அடுத்த சொல்லை எடுத்துக்கொள்வார். எங்களிடம் ஒருவர் ‘மீளச்செலுத்துகை’ என்று கொண்டுவந்தார். கும்பிட்டுத் திருப்பி அனுப்பினேன்.

அப்புறம் சோதனை. நூறு பேர் எழுதும் இடத்தில் கண்ணை நம்ப முடியாது. ‘வேல்’ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, முருகன் கையில் இருப்பது இல்லை. விதியை எழுதிக் கொடுத்தால் கோப்புகளில் தடைச்சொற்களைப் பிடித்துக் காட்டும். ஆங்கிலத்துக்குச் செய்வதுபோல முழுச்சொல்லைக் கொடுத்தால் தமிழில் வேலைக்காகாது. செலுத்துதல், செலுத்தல், செலுத்தப்படும், செலுத்தினோம் என்று வால் மாறிக்கொண்டே இருக்கும், நடுவில் ‘ச்’ போடுகிறவர் பாதி, போடாதவர் பாதி. அதனால் வேரை மட்டும் கொடுக்க வேண்டும்:

```yaml
extends: substitution
message: "'%s' என எழுதுங்கள், '%s' வேண்டாம்"
level: error
nonword: true
swap:
  'திருப்பி(?:ச்)?\s*செலுத்த': 'ரீஃபண்ட்'
```

`nonword` வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் மென்பொருள் சொல்லின் எல்லையைத் தேடும், நாம் வெட்டிக் கொடுத்த வேருக்குப் பின்னால் வால் ஒட்டியிருப்பதால் கண்டுகொள்ளாமல் போய்விடும். கணினிக்கு ‘செலுத்து’ என்பது ‘செலுத்த’வோடு ஓர் உகரக் குறி சேர்ந்ததுதான், அதனால் இந்த வேர் எல்லா வாலையும் பிடிக்கும். விதியை ரீஃபண்ட் கோப்புகளுக்கு மட்டும் வையுங்கள். கடன் கோப்புறையிலும் ஓடவிட்டால் ஒப்பந்தம் முழுக்கச் சிவப்பாகும், மறுநாளே யாராவது சோதனையையே அணைத்துவிடுவார்கள். என் அனுபவத்தில் சோதனைகள் சாவது பெரும்பாலும் இப்படித்தான்.

இவ்வளவும் செய்த பிறகு இரண்டு வாரம் கழித்து அதே எஸ்.எம்.எஸ். மறுபடி போயிருக்கிறது. செயலியில் மாற்றியாகிவிட்டது, எஸ்.எம்.எஸ்.ஸில் மாற்றவில்லை. நம் நாட்டில் நிறுவனம் அனுப்பும் எஸ்.எம்.எஸ். வாசகத்தை முன்கூட்டியே தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்தும் டி.எல்.டி. தளத்தில் பதிந்திருக்க வேண்டும். பதிந்ததற்கு ஒத்துப்போகாத வாசகம் போய்ச் சேராது. எனவே ஒரு சொல்லை மாற்றினாலும் புது வார்ப்புருவைப் பதிந்து, ஒப்புதல் வாங்கி, அனுப்பும் நிரலில் அதன் எண்ணையும் மாற்ற வேண்டும். இது யார் வேலை என்று பட்டியலில் எழுதியிருக்கவில்லை, அதனால் யாரும் செய்யவில்லை.

இப்போது பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம்: ‘இன்னும் மாறாத இடங்கள்’. எஸ்.எம்.எஸ். போன வாரம் அதிலிருந்து நீங்கியது. ரீஃபண்டுக்கு இன்னும் இரண்டு பாக்கி. பெட்டிக்குள் வைக்கும் அச்சுத்தாள், பழைய கட்டு தீர்ந்ததும் மாறும். இன்னொன்று, போன் செய்தால் எடுத்ததும் பேசும் பதிவுக் குரல். அதற்கு அந்தக் குரல்காரரை மறுபடி ஸ்டூடியோவுக்குக் கூப்பிட வேண்டும், அடுத்த மாதம்தான் தேதி கிடைத்திருக்கிறது. அதுவரை அந்த எண்ணுக்கு அழைப்பவர்களுக்கு ‘திருப்பிச் செலுத்துதலுக்கு மூன்றை அழுத்தவும்’தான்.