படச்சுருள் படத்தின் மூலையில் விழுந்த தேதியை நீக்குதல்: நீலத் தடம் தரும் உதவி

தொண்ணூறுகளில் எடுக்கப்பட்ட குடும்பப் படங்களில் பலவற்றின் கீழ் வலது மூலையில், செம்மஞ்சள் நிறத்தில் ஒரு தேதி ஒளிர்ந்துகொண்டிருக்கும். பிரிண்டை ஸ்கேன் செய்தபின் அதை அழிக்க முயல்பவர்கள் வழக்கமாக மென்மையான ஒரு தூரிகையை எடுத்து அந்த இடத்தின் மேல் தேய்க்கிறார்கள். எண்கள் போய்விடுகின்றன, ஆனால் அவை இருந்த இடத்தில் மெழுகு பூசியதுபோல ஒரு பட்டை தங்கிவிடுகிறது. தேதி ஒரு காலத்தில் அங்கே இருந்ததை அந்தப் பட்டையே காட்டிக்கொடுத்துவிடும். இது ஏன் நேர்கிறது, எப்படித் தவிர்க்கலாம் என்பதற்கான விடை, அந்த எண்கள் படச்சுருளில் பதிந்த விதத்திலேயே இருக்கிறது.

தேதி பதியும் கேமராக்களில் பெரும்பாலானவற்றில், பின்கதவின் உட்புறத்தில் ஒரு சிறு ஒளிமூலமும் எண்களைக் காட்டும் அமைப்பும் இருந்தன. படம் எடுக்கப்படும் சமயத்தில் அந்த ஒளி சுருளின் முதுகுப்பக்கத்திலிருந்து உள்ளே பாயும். வண்ண நெகட்டிவில் லென்ஸை நோக்கிய பக்கத்தில் நீல ஒளியை உணரும் அடுக்கும், அதன் கீழே பச்சையை உணரும் அடுக்கும், எல்லாவற்றுக்கும் அடியில், பிளாஸ்டிக் தளத்தை ஒட்டி, சிவப்பை உணரும் அடுக்கும் இருக்கின்றன. முதுகிலிருந்து வரும் ஒளி முதலில் சந்திப்பது சிவப்பு அடுக்கைத்தான். பச்சை அடுக்கை அது ஓரளவே எட்டுகிறது. நீல அடுக்குக்கும் பச்சை அடுக்குக்கும் இடையே நீல ஒளியைத் தடுக்கும் மஞ்சள் வடிகட்டி ஒன்றும் இருப்பதாலும், ஒளிமூலமே பெரும்பாலும் செந்நிறமாக இருந்ததாலும், நீல அடுக்கு ஏறக்குறைய தீண்டப்படாமல் தப்பிவிடுகிறது. எண்கள் செம்மஞ்சளாகத் தெரிவதற்கும், அவற்றின் நடுப்பகுதி மஞ்சள் சாயலாகவும் ஓரங்கள் வெறும் சிவப்பாகவும் இருப்பதற்கும் காரணம் இதுவே: ஒளி வலுவாக இருந்த நடுவில் பச்சை அடுக்கும் பதிந்தது, மங்கிய ஓரத்தில் சிவப்பு அடுக்கு மட்டுமே பதிந்தது.

ஆகவே தேதி என்பது படத்தின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் அல்ல. படத்தோடு கூட்டப்பட்ட கூடுதல் ஒளி. ஸ்கேன் செய்த படத்தில் சிவப்பு, பச்சை, நீல அளவுகள் தனித்தனித் தடங்களாகப் பதிந்திருக்கும். சிவப்புத் தடத்தில் படத்தின் விவரம் அந்த ஒளியில் மூழ்கிப்போயிருக்கலாம். நீலத் தடத்தில் அதே விவரம் பெரும்பாலும் பிழைத்திருக்கும். எண்களின் அடியில் என்ன இருந்தது என்று ஊகிக்கத் தொடங்குமுன், அது எங்காவது எஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பதே முறையானது. நெகட்டிவ் கையில் இருந்தாலும் தேதி அதிலும் இருக்கும் என்பதால், அதை மறுபடி பிரிண்ட் போடுவதால் இந்தச் சிக்கல் தீராது.

என்னிடம் இருந்த ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன். 1998 சித்திரை முதல் நாளில் எடுத்தது. மூலையில் 98 4 14 என்று பதிந்திருந்தது. 4×6 அங்குல பிரிண்டை அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கேன் செய்தபோது 3600×2400 பிக்சல் கிடைத்தது; எண்களின் உயரம் ஏறத்தாழ 60 பிக்சல், கோட்டின் தடிமன் எட்டு. முதல் மூன்று எண்கள் ஒரு மர பெஞ்சின் அடிநிழலில் விழுந்திருந்தன. அந்த நிழலில் ஓர் எவர்சில்வர் செம்பின் விளிம்பு 9 என்ற எண்ணுக்குக் குறுக்கே சென்றது. கடைசி இரண்டு எண்கள் பக்கத்தில் விரித்திருந்த கோரைப்பாயின் மேல் விழுந்திருந்தன.

ஸ்கேன் செய்யும்போதே இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். முதலாவது, கோப்பை ஜேபெக் வடிவில் சேமிக்கக் கூடாது. ஜேபெக் வடிவம் பெரும்பாலும் வெளிச்சத்தை முழு நுணுக்கத்தோடும் நிறத்தைப் பாதி நுணுக்கத்தோடும் சேமிக்கிறது; எண்ணின் செம்மை பக்கத்துப் பிக்சல்களுக்குக் கசிந்து, நாம் நம்பியிருக்கும் நீலத் தடமே கறைபட்டுவிடும். டிஃப் வடிவமே இங்கு ஏற்றது. இரண்டாவது, ஸ்கேனர் மென்பொருளில் கூர்மையாக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். அது எண்களைச் சுற்றி ஒரு கருவளையத்தைச் சேர்த்துவிடும். பிறகு அந்த வளையத்தையும் சேர்த்தே நீக்க வேண்டியிருக்கும்.

கிம்ப் மென்பொருளில் `Colors > Components > Decompose` என்ற கட்டளை மூன்று தடங்களையும் தனித்தனிக் கறுப்பு வெள்ளைப் படங்களாகப் பிரித்துத் தரும். என் படத்தில் சிவப்புத் தடத்தில் எண்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன; பச்சையில் அவை மெலிந்திருந்தன; நீலத்தில் உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரிந்தன. செம்பின் விளிம்பு நீலத் தடத்தில் 9-ஐக் கடந்து தடையில்லாமல் ஓடியது. நிழல் பகுதியில் சிவப்பு, பச்சை, நீல மதிப்புகள் முறையே 62, 45, 38 அளவில் இருந்தன. எண்ணின் மேல் அவை 248, 141, 43 ஆகியிருந்தன. நீலம் 38 இலிருந்து 43 ஆனது முற்றிலும் தூய்மையான நிலை அல்ல. சாயங்களும் ஸ்கேனரின் வடிகட்டிகளும் நிறங்களைச் சிறிது கலந்துவிடுகின்றன. சிவப்பு 186 எகிறிய இடத்தில் நீலம் 5 மட்டுமே நகர்ந்தது. இந்த அளவுப் பிழையை ஏற்றுக்கொள்ளலாம்.

அடுத்த வேலை மாஸ்க், அதாவது எந்தப் பிக்சல்களை மாற்றப்போகிறோம் என்று காட்டும் வரைபடம். அதைக் கையால் வரைவதைவிடச் சிவப்பிலிருந்து நீலத்தைக் கழித்து உருவாக்குவது துல்லியமானது. நிழலில் அந்த வேறுபாடு இயல்பாகவே 24 தான் என்பதால், 60-ஐ எல்லையாக வைத்தால் எண்கள் தனியே பிரிந்துவிடும். கோரைப்பாயில் இயல்பான வேறுபாடே 80. எண்ணின் மேல் அது 135. ஆகவே அங்கே எல்லையை 105-க்கு உயர்த்த வேண்டும். தேதி ஒரு சிவப்புப் பட்டுப்புடவையின் மேல் விழுந்திருந்தால் இந்தக் கழித்தல் எதையும் பிரித்துக் காட்டாது. அப்போது கையால் வரைவதைத் தவிர வழியில்லை.

மாஸ்கை உருவாக்கியபின் அதை எல்லாப் பக்கமும் மூன்று பிக்சல் விரிக்க வேண்டும். பெரும்பாலான முயற்சிகள் கெடுவது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து. எண்ணின் மங்கிய சிவப்பு ஓரம் மாஸ்குக்கு வெளியே தங்கிவிட்டால், இடத்தை நிரப்பும் எந்த முறையும் அந்த ஓரத்தையே சுற்றுப்புறம் என்று எடுத்துக்கொண்டு செம்மையை உள்ளே இழுத்துவரும். நிழல் பகுதிக்கான வேலையைப் பைத்தானில் இவ்வாறு எழுதலாம்:

```python
import cv2, numpy as np
p = cv2.imread("scan.tif")[2150:2350, 2700:3120]
b, g, r = cv2.split(p)
m = ((cv2.subtract(r, b) > 60) * 255).astype(np.uint8)
m = cv2.dilate(m, np.ones((7, 7), np.uint8))
ring = cv2.dilate(m, np.ones((41, 41), np.uint8)) - m
s = ring > 0
bs = cv2.medianBlur(b, 5)
a, c = np.polyfit(bs[s].astype(float), r[s].astype(float), 1)
r_new = np.where(m, np.clip(a * bs + c, 0, 255), r).astype(np.uint8)
```

எண்களைச் சுற்றி 20 பிக்சல் அகலமுள்ள வளையத்தில், நீல மதிப்புக்கும் சிவப்பு மதிப்புக்கும் என்ன உறவு என்று இது கணக்கிடுகிறது. பிறகு மாஸ்குக்குள் இருக்கும் நீலத்திலிருந்து சிவப்பை மீட்கிறது. என் படத்தின் மர நிழலில் சிவப்பு, நீலத்தின் 1.4 மடங்கோடு 9 சேர்ந்ததாக இருந்தது. பச்சைக்கும் இதே கணக்குத்தான். அதற்குச் சற்றுக் குறுகிய மாஸ்க் போதும், ஏனெனில் பச்சையில் எண்களே மெலிந்தவை. ஆனால் எவர்சில்வர் ஏறக்குறைய நிறமற்றது. மரத்துக்குப் பொருந்திய உறவை அதன் மேல் செலுத்தினால் செம்பு செந்நிறமாகிவிடும். முதல் முயற்சியில் எனக்கு அப்படித்தான் ஆயிற்று. செம்பின் விளிம்பைத் தனியே தேர்ந்து, அதற்கென வேறு வளையத்தில் உறவைக் கணக்கிட்டபின்பே நிறம் சரியாக அமைந்தது.

இந்த நிலையில் எண்கள் மறைந்திருக்கும். ஆனால் மெழுகுத்தன்மை தென்படத் தொடங்கும். காரணம், கிரெயின் என்று ஸ்டுடியோக்காரர்கள் சொல்லும் குருணை அங்கே இல்லை. சுற்றியிருக்கும் நிழலில் சிவப்பு மதிப்புகள் சராசரியிலிருந்து ஏறத்தாழ 6 அளவு மேலும் கீழும் துள்ளிக்கொண்டிருந்தன. மீட்ட இடத்தில் அந்தத் துள்ளல் 2 கூட இல்லை. `cv2.inpaint` போன்ற, விளிம்பிலிருந்து உள்நோக்கி நிறத்தைப் பரப்பும் முறைகளும் இதே காரணத்தால்தான் மங்கலாகத் தெரிகின்றன. அவை நிறத்தையும் கோடுகளையும் ஓரளவு கொண்டுவருகின்றன, குருணையைக் கொண்டுவருவதில்லை.

மென்மையான தூரிகையின் குற்றமும் இதனோடு சேர்ந்ததே. தூரிகையின் மங்கிய ஓரத்தில் பழைய பிக்சலும் நகலெடுத்த பிக்சலும் பாதிப் பாதியாகக் கலக்கின்றன. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு குருணைகளைச் சராசரி எடுத்தால் அவற்றின் துள்ளல் இரண்டின் வர்க்கமூலத்தால் வகுபட்டுக் குறையும். 6 இருந்த இடத்தில் 4.2 ஆகிவிடும். மேலும் இரண்டு முறை தேய்த்தால் இன்னும் குறையும். நிறம் சரியாக இருந்தும் ஓர் இடம் மங்கலாகத் தெரிவதன் கணக்கு இவ்வளவுதான். எனவே நகலெடுக்கும் தூரிகையின் ஓரம் கடினமாக இருக்க வேண்டும். ஒட்டு தெரியாதிருக்க ஒன்றிரண்டு பிக்சல் மென்மை போதுமானது.

இழந்த குருணையைத் திருப்பித் தர, எண்கள் இல்லாத பக்கத்து நிழலில் அதே அளவு துண்டு ஒன்றை எடுத்து, அதை மங்கலாக்கிய வடிவத்தை அதிலிருந்து கழிக்க வேண்டும். மிஞ்சுவது குருணை மட்டுமே. அதை மீட்ட சிவப்பின் மேலும் பச்சையின் மேலும், அந்தந்தத் தடத்திலிருந்தே எடுத்துக் கூட்ட வேண்டும். நீலத்தின் குருணையையே மூன்று தடத்துக்கும் பயன்படுத்தும் குறுக்குவழி பயன்படாது. மூன்று அடுக்குகளின் குருணைகளும் தனித்தனியானவை. அதனால்தான் பெரிதாக்கிப் பார்க்கும்போது படச்சுருளில் வண்ணப் புள்ளிகள் தெரிகின்றன. மூன்றிலும் ஒரே குருணை இருந்தால், அந்த இடம் மட்டும் சாம்பல் மணல் தூவியதுபோலத் தனித்து நிற்கும்.

கோரைப்பாயில் விழுந்த 14-க்கு இந்த மீட்பு அவ்வளவு பயன்படவில்லை. பாயின் வெளிர் மஞ்சளில் நீலம் குறைவு. கோரைக்குக் கோரை நிறமும் மாறியது. ஓரிடத்தை நகலெடுத்து இன்னோரிடத்தில் பதிக்கும் `Clone` கருவியே அங்கே பொருத்தமாக இருந்தது. பாய் என்பது திரும்பத் திரும்ப வரும் அமைப்பு. மூலப்புள்ளியை நினைத்த இடத்தில் வைத்தால் கோரைகள் பாதியில் முறிந்து தெரியும். ஒரு பாவுநூல் கோரையைக் கடக்கும் சந்திப்பை மூலமாகக் கொண்டு, எண்ணுக்கு அருகிலுள்ள அதே வகைச் சந்திப்பில் தூரிகையை வைத்துத் தொடங்கினால் கோரைகள் வரிசை பிசகாமல் ஓடும். `Heal` கருவி சேருமிடத்தின் நிறத்துக்கேற்ப நகலைத் திருத்திக்கொள்வதால், எண் இன்னும் அங்கே இருக்கும்போது அதைப் பயன்படுத்தினால் செம்மையையும் உள்வாங்கிக்கொள்ளும். முதலில் `Clone`, வெளிச்ச வேறுபாடு மிஞ்சினால் பிறகு `Heal` என்பதே சரியான வரிசை.

முடிந்ததா என்பதை முழுவண்ணப் படத்தைப் பார்த்துத் தீர்மானிக்க இயலாது. சிவப்புத் தடத்தை மட்டும் தனியே எடுத்து, நிழல்கள் வெளிறும்படி அதன் மாறுபாட்டைக் கூட்டிப் பார்க்க வேண்டும்; மாஸ்குக்கு வெளியே தப்பிய ஓரங்கள் அப்போது பேய்க்கோடுகளாக எழுந்துவரும். குருணையைச் சரிபார்க்க, திருத்திய இடத்திலும் பக்கத்திலும் ஒரே அளவு சதுரங்களைத் தேர்ந்து, ஹிஸ்டோகிராம் பலகையில் துள்ளலின் அளவான திட்டவிலக்கத்தை ஒப்பிடலாம். எனக்கு நிழலில் 6.0-க்கு 5.7 வந்தது. நிழல் முடிந்து பாய் தொடங்கும் ஓரத்தில், 4-க்கும் 14-க்கும் இடையே, இரண்டு முறைகளும் சந்தித்த ஓரிடத்தில் ஒரு கோரை சற்றே வளைந்துவிட்டது. அதே அளவில் மறுபடி பிரிண்ட் போட்டபோது அது கண்ணுக்குத் தெரியவில்லை, ஆகவே அதை விட்டுவிட்டேன். தேதியை மட்டும் கோப்புக்குள் எழுதிவைத்தேன்:

```
exiftool -DateTimeOriginal="1998:04:14 00:00:00" scan.tif
```