மழைக்கு பிளாஸ்டிக் போடும் வீடியோவில் 'ஃபாலோ' எதற்கு?

கன்னியாகுமரி மாவட்டத்துச் சிறு கடைகளுக்கும் நர்சரிகளுக்கும் இன்ஸ்டாகிராம் ரீல் எடுத்துக் கொடுப்பது என் தொழில். புதிதாக வருகிறவர்கள் காட்டும் பழைய வீடியோக்களில் கடைசி ஐந்து விநாடி பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். கடைப் பலகை வரும், போன் நம்பர் வரும், பின்னணியில் ஒரு குரல் "மறக்காம நம்ம பேஜை ஃபாலோ பண்ணுங்க" என்று சொல்லும். ஏன் ஃபாலோ கேட்கிறீர்கள் என்றால், எல்லாரும் கேட்கிறார்கள் என்பதுதான் பதில்.

ஒரு வீடியோவின் முடிவில் பார்க்கிறவரிடம் என்ன கேட்கலாம் என்பதை அந்த வீடியோ அவருக்கு எப்போது, யாருக்காகப் பயன்படும் என்பதுதான் முடிவு செய்ய வேண்டும். இதைக் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டச் சாமான் விற்கும் ஒரு கடையை வைத்துச் சொல்கிறேன். ஒரே கடைக்கு மூன்று விதமான வீடியோ எடுத்தோம். மூன்றுக்கும் மூன்று முடிவு தேவைப்பட்டது.

முதல் வீடியோ, ரப்பர் மரத்துக்கு மழைக்காலப் பிளாஸ்டிக் போடுவது பற்றியது. தென்மேற்குப் பருவமழை ஜூனில் பிடித்துக்கொண்டால் வெட்டுப்பட்டையில் தண்ணீர் வடியும், பால் சிரட்டைக்கு வராமல் கழுவிப்போகும். அதனால் மழைக்கு முன்பே, பட்டை காய்ந்திருக்கும்போது, வெட்டுக்கு மேலே பட்டையைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பசை தடவி, பிளாஸ்டிக்கைச் சுருக்கம் வைத்துப் பாவாடை போல ஒட்ட வேண்டும். ஈரப் பட்டையில் பசை பிடிக்காது. இதைச் செய்ய வேண்டியது மே மாதத்தில். கடைக்காரர் வீடியோவைப் போட நினைத்தது மார்ச்சில், சாமான் வந்து இறங்கியவுடன்.

மார்ச்சில் பார்க்கிறவருக்கு அது உடனே வேண்டியதில்லை. இரண்டு மாதம் கழித்து வேண்டும். இந்த இடைவெளிதான் சேவ் கேட்பதற்கான காரணம். ஃபாலோ கேட்டால் அவர் ஏன் செய்ய வேண்டும்? ஆண்டுக்கு ஒருமுறை பிளாஸ்டிக் வாங்குகிறவர், அந்தக் கடை தினம் போடும் வீடியோக்களை ஆண்டு முழுக்கப் பார்க்கச் சம்மதிப்பதாக ஆகிறது. அது பெரிய கோரிக்கை. சேவ் என்பது அவருக்கே பயன்படும் சின்ன வேலை. யார் சேவ் செய்தார்கள் என்பது கடைக்காரருக்குக்கூடத் தெரியாது, எண்ணிக்கை மட்டுமே தெரியும். அந்த மறைவும் ஒரு வசதிதான். பக்கத்துக் கடைக்காரரின் வீடியோவைக்கூடக் கூச்சமில்லாமல் சேவ் செய்யலாம்.

ஆனால் "சேவ் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டால் மட்டும் யாரும் செய்துவிடுவதில்லை. சேவ் செய்யும்படியாக ஏதாவது திரையில் இருக்க வேண்டும், அதுவும் கேட்கிற அதே நொடியில். பழைய வீடியோவில் பிளாஸ்டிக் ஒட்டும் காட்சி முடிந்ததும் கடைப் பலகை வந்தது. பலகையைச் சேவ் செய்ய யாருக்கும் தோன்றாது. நாங்கள் பலகையை எடுத்துவிட்டு, வாங்க வேண்டிய சாமான்களையும் வேலையின் வரிசையையும் ஒரே காட்சியில் எழுதி மூன்று விநாடி நிறுத்தினோம். அதன்மேல் கடைக்காரரின் குரல்: "மே மாசம் பிளாஸ்டிக் போடும்போது இந்தப் பட்டியல் வேணும். இப்பவே சேவ் பண்ணி வச்சிக்கிடுங்க." எப்போது வேண்டும் என்பது அந்த வரிக்குள்ளேயே இருப்பதைக் கவனியுங்கள். வெறும் "சேவ்" என்பதைவிட "மே மாசம்" என்ற இரண்டு சொல்தான் அதிகம் வேலை செய்கிறது.

எழுத்தை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். ரீலில் அடிப்பக்கத்தைக் கேப்ஷன் மறைக்கும், வலது ஓரத்தைப் பட்டன்கள் மறைக்கும். பட்டியல் நடுவிலோ சற்று மேலேயோ இருந்தால்தான் படிக்க முடியும். கடைக்காரர் முதலில் எழுதித் தந்த பட்டியலில் பாதி, கேப்ஷனுக்குப் பின்னால் போயிருக்கும்.

இன்னொன்று, குரலின் தொனி. "நன்றி, வணக்கம், மீண்டும் சந்திப்போம்" என்ற தொனி வந்ததும் விரல் மேலே தள்ளிவிடும். கேட்கும் வரி அதற்குப் பிறகு வந்தால் அதைக் கேட்க யாரும் மிச்சமிருக்க மாட்டார்கள். வீடியோவின் கணக்கு விவரங்களை இன்ஸ்டாகிராம் காட்டும் இன்சைட்ஸில், எந்த விநாடியில் எவ்வளவு பேர் போய்விட்டார்கள் என்று ஒரு கோடு காட்டும். கடைசி நாலைந்து விநாடியில் அந்தக் கோடு செங்குத்தாக விழுந்தால், உங்கள் கோரிக்கை காலி அறையில் பேசப்பட்டது என்று பொருள். கோரிக்கையைக் கடைசிப் பயனுள்ள காட்சிக்குள்ளேயே வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. கோரிக்கை முடிகிற இடத்தில் வீடியோவும் முடிந்துவிட வேண்டும்.

அதே கடைக்கு இரண்டாவது வீடியோ, ஒட்டிய பிளாஸ்டிக் ஒழுகினால் எங்கே பார்ப்பது என்பது. இதைப் போட்டது மழை தொடங்கிய பிறகு. இங்கே சேவ் பொருந்தாது, ஏனென்றால் தேவை இன்றைக்கே இருக்கிறது. மேலும் நம் மாவட்டத்தில் ரப்பர்த் தோட்டத்தின் சொந்தக்காரரும் மரத்தில் கத்தி வைக்கிறவரும் பல நேரம் வேறு வேறு ஆட்கள். சொந்தக்காரர் துபாயிலோ சென்னையிலோ இருப்பார், பால்வெட்டும் அண்ணன் திற்பரப்பில் இருப்பார். ரீலைப் பார்க்கிறவர் ஒருவர், அது தேவைப்படுகிறவர் வேறொருவர். அப்படியானால் கேட்க வேண்டியது ஷேர். "உங்க தோட்டத்துல பால் வெட்டுற அண்ணனுக்கு இதை அனுப்பி விடுங்க" என்று முடித்தோம். "நண்பர்களுக்கு ஷேர் பண்ணுங்க" என்றால் எந்த நண்பர் என்று யோசிக்க வேண்டும், யோசிப்பதற்குள் அடுத்த ரீல் வந்துவிடும். பெறுகிறவரின் முகம் மனதில் வர வேண்டும்.

ஷேருக்கு இன்னொரு பலனும் உண்டு. இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில், தரவரிசையில் முக்கியமான மூன்று விஷயங்களைச் சொன்னார்: பார்க்கும் நேரம், சென்றடைந்தவர்களில் எத்தனை பேர் லைக் செய்தார்கள், எத்தனை பேர் பிறருக்கு அனுப்பினார்கள். உங்களை ஏற்கெனவே பின்தொடராதவர்களிடம் வீடியோ போய்ச் சேர அனுப்புதல் கூடுதலாக உதவுகிறது என்பதும் அவர் சொன்னதுதான். அந்த மூன்றில் சேவ் இல்லை. ஆகவே புது ஆட்களிடம் போய்ச்சேர வேண்டுமென்றால் ஷேர் கேளுங்கள். பார்த்தவரே திரும்பி வர வேண்டுமென்றால் சேவ் கேளுங்கள். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டால் பார்க்கிறவர் எதையும் செய்யாமல் நகர்ந்துவிடுவார்.

இங்கே வாட்ஸ்அப் ஒரு குழப்பம். பால்வெட்டும் அண்ணனிடம் இன்ஸ்டாகிராம் கணக்கே இல்லாமல் இருக்கலாம். லிங்கைத் தொட்டால் உள்ளே நுழையச் சொல்லிக் கேட்கும், அவர் மூடிவிடுவார். ஆகவே இந்த வகை வீடியோவின் அசல் கோப்பை கடைக்காரர் வாட்ஸ்அப்பிலும் தனியாக வைத்திருக்கிறார், கேட்பவர்களுக்கு நேரடியாக அனுப்புகிறார். அந்த அனுப்புதல் இன்சைட்ஸ் எண்ணிக்கையில் வராது. வராவிட்டால் என்ன, பசை விற்கிறதே.

மூன்றாவது வீடியோ ரப்பர் விலை. ரப்பர் போர்டு கோட்டயம் சந்தை விலையை நாள்தோறும் வெளியிடுகிறது. அதை வைத்துக் கடைக்காரர் ஷீட்டுக்கும் ஒட்டுப்பாலுக்கும் தன் கடையில் அன்றைய விலை என்ன என்று இருபது விநாடியில் சொல்கிறார். இன்றைய விலையைச் சேவ் செய்து என்ன பயன்? நாளைக்கு அது பழசு. இங்கே ஃபாலோதான் சரி: "நாளைக்கு விலையும் இங்கதான் வரும், ஃபாலோ பண்ணிக்கிடுங்க." ஃபாலோ கேட்பதற்கு ஒரு வாக்குறுதி வேண்டும், அது அடுத்து என்ன வரும் என்பதாக இருக்க வேண்டும், அதைக் காப்பாற்றவும் வேண்டும். வாரம் இரண்டு நாள் விலை போடாமல் விட்டால் அந்த வரியைச் சொல்லாமல் இருப்பது நல்லது. பார்ப்பவர்களில் பெரும்பகுதி ஏற்கெனவே ஃபாலோயர்கள்தான் என்று இன்சைட்ஸ் காட்டினாலும் அந்த வரி வீண்.

எது வேலை செய்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? மொத்த எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், சென்றடைந்த கணக்குகளால் வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு ஒரு வீடியோ 4000 கணக்குகளை அடைந்து 120 சேவ் வாங்கினால் நூற்றுக்கு 3. இன்னொன்று 20,000 கணக்குகளை அடைந்து 200 சேவ் வாங்கினால் நூற்றுக்கு 1. இரண்டாவதில் எண் பெரிது, ஆனால் கோரிக்கை பலித்தது முதலாவதில்தான். ஒரே வகை வீடியோக்களைத்தான் இப்படி ஒப்பிட வேண்டும். விலை வீடியோவையும் பிளாஸ்டிக் வீடியோவையும் பக்கத்தில் வைத்தால் எதுவும் புரியாது. நூறு, இருநூறு பேர் மட்டும் பார்த்த வீடியோவில் இந்தக் கணக்கைப் போடவே வேண்டாம், இரண்டு பேர் கை வைத்தாலே விகிதம் மாறிவிடும்.

சேவ் எண்ணிக்கைக்கும் ஒரு பொய் முகம் உண்டு. சேவ் செய்த பலர் அதைத் திரும்பத் திறப்பதே இல்லை. அதற்காக மே முதல் வாரம் கடைக்காரர் ஸ்டோரியில் ஒரு வரி போடுகிறார்: "மார்ச்சுல சேவ் பண்ணின பட்டியலை எடுத்துப் பாருங்க." இந்தப் பட்டியலைப் போனில் காட்டி "இதுல உள்ளது எல்லாம் தாங்க" என்று கல்லாவில் நிற்கிற ஆட்களைத்தான் கடைக்காரர் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்.

மென்மையாகக் கேட்பதற்கும் தூண்டில் போடுவதற்கும் எல்லை எங்கே என்றும் கேட்கிறார்கள். "பத்துப் பேருக்கு அனுப்பினா ஒரு கிலோ பசை பரிசு" என்பது தூண்டில். ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே இப்படி ஷேர், லைக், கமென்ட், டேக் கேட்டுப் பிடிக்கும் பதிவுகளைக் கீழே தள்ளப்போவதாக அறிவித்துவிட்டது. யாருக்கு ஏன் பயன்படும் என்று சொல்லி அனுப்பச் சொல்வது அந்த வகையில் சேராது.

கடற்கரைப் பக்கத்துக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். கள்ளக்கடல் எச்சரிக்கை வரும்போது முட்டம், குளச்சல் பக்கத்து இளைஞர்கள் ரீல் போடுகிறார்கள். தொலைவில் தெற்கு இந்தியப் பெருங்கடலில் கிளம்பும் பேரலை, இங்கே காற்றோ மழையோ இல்லாதபோதே கரையேறுவதால் மக்கள் நம்புவதில்லை. இந்த வீடியோவில் ஃபாலோ கேட்பது முறையல்ல, ஷேர் மட்டும்தான். ஆனால் ரீல் போட்ட அன்றே எல்லாருக்கும் போய்ச்சேராது. நாலு நாள் கழித்து ஒருவர் திரையில் வந்து, "இன்னைக்கு ராத்திரி கடலுக்குப் போகாதீங்க" என்று சொல்லும். எந்த இன்றைக்கு? அதனால் தேதியையும், கடல் எச்சரிக்கை தரும் மத்திய அரசு மையமான இன்காய்ஸின் அறிவிப்பில் உள்ள தொடக்க, முடிவு நேரத்தையும் முதல் விநாடியிலிருந்தே திரையில் எழுதி வையுங்கள், குரலில் "இன்னைக்கு" என்று சொல்லாதீர்கள், நேரம் முடிந்ததும் ரீலை எடுத்துவிடுங்கள்.