ஐந்து வருடம் கட்டியும் அசல் ஏன் அசையவில்லை?

மன்னார்குடியில் வீடு கட்டிய என் சித்தப்பா, ஐந்து வருடம் தவணை தவறாமல் கட்டியபின் வங்கியில் பாக்கி கேட்டார். 20 லட்சம் கடனுக்கு அதுவரை 10.8 லட்சம் கட்டியிருந்தார். பாக்கி 17.74 லட்சம் என்றார்கள். "ஏமாத்திட்டாங்களாடா?" என்று என்னிடம் வந்தார்.

கணக்கு சரிதான். 9 சதவீத வட்டி, 20 வருடம், மாதத் தவணை 17,995 ரூபாய். ஊர்க் கணக்கில் சொன்னால் முக்கால் வட்டி, அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் 75 பைசா. முதல் மாதம் 20 லட்சமும் பாக்கி இருப்பதால் வட்டியே 15,000. அது போக மிஞ்சிய 2,995 ரூபாய்தான் அசலில் கழிந்தது. அடுத்த மாதம் 19,97,005 ரூபாய்க்கு மட்டும் வட்டி. அது 14,978 ஆகிவிட, அசலுக்கு 3,017 போனது. கூடியது வெறும் 22 ரூபாய்.

வட்டியை வங்கி முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்தந்த மாதம் நிற்கும் பாக்கிக்கு மட்டுமே வட்டி. ஆரம்பத்தில் பாக்கி பெரியது, அதனால் வட்டியும் பெரியது. அசலுக்குப் போகும் தொகை மாதாமாதம் முக்கால் சதவீதம் வளர்ந்து, 13-ஆம் வருடத்தின் ஐந்தாம் மாதத்தில்தான் வட்டியைத் தாண்டும். பாதி அசல் அடைய 14 வருடம் ஆகும்.

சித்தப்பாவிடம் சம்பா நெல் விற்ற ஒரு லட்சம் இருந்தது. அதை இப்போதே அசலில் கட்டினால், தவணைத் தொகை மாறாமல் கடைசியில் சுமார் 20 தவணைகள் குறையும். வட்டியில் ஏறக்குறைய 2.57 லட்சம் மிச்சம். அதே லட்சத்தை 15 வருடம் முடிந்தபின் கட்டினால் மிச்சம் 52,000-தான், ஏனென்றால் வட்டி ஓட மீதி ஐந்து வருடமே இருக்கும். தனிநபர் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக்கடனுக்கு முன்கூட்டிக் கட்ட அபராதம் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆனால் பணம் கட்டும்போது "காலத்தைக் குறையுங்கள், தவணையைக் குறைக்க வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. தவணை குறைந்தால் மாதச் சுமை இறங்கும், ஆனால் மிச்சம் இந்த அளவுக்கு வராது.

மாறும் வட்டியில் இன்னொரு பக்கமும் உண்டு. வட்டி ஏறும்போது பல வங்கிகள் தவணையை அப்படியே விட்டுக் காலத்தை நீட்டிவிடும். 20 லட்சம் பாக்கி நிற்கும்போது வட்டி 10.8 சதவீதம் ஆனால், மாத வட்டியே 18,000. பழைய 17,995 அதற்கே போதாது, கட்டக் கட்டக் கடன் வளரும். ஸ்டேட்மெண்டில் அசலுக்கான கட்டத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த எண் மாதாமாதம் கூட வேண்டும். சட்டென்று குறைந்திருந்தால் வட்டி ஏறியிருக்கிறது, அன்றே போய் மீதிக் காலத்தைக் கேட்க வேண்டும்.

சித்தப்பா இப்போது தை அறுவடை முடிந்ததும் அந்தக் கட்டத்தைத்தான் முதலில் பார்க்கிறார்.